இரவில் நான்கு முறை எழுப்புவது புராஸ்டேட்டா, காலா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 66. தஞ்சாவூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே இருப்பேன். இரண்டு வருஷமாக ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறேன். ஸ்கேனில் புராஸ்டேட் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, போன பிறகு 35 மி.லி. தங்குகிறது என்றார்கள். சர்க்கரை இல்லை, கிருமி இல்லை. டாம்சுலோசின் 0.4 மூன்று மாதமாகச் சாப்பிட்டும் ஐந்து நாலானதோடு சரி. பிரஷருக்கு ஆம்லோடிபின் 10 மி.கி. போடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. சாயங்காலமானால் செருப்பு இறுகுகிறது. ஒரு நாள் அளந்து எழுதினேன். பகலில் காலை 9-க்கு 180 மி.லி., 12.30-க்கு 200, 4-க்கு 170, 7.30-க்கு 200, படுக்குமுன் 10.30-க்கு 150. இரவில் 12.15-க்கு 300, 1.45-க்கு 320, 3.15-க்கு 260, 4.45-க்கு 200. காலை 6-க்கு எழுந்ததும் 150. புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டால் இது தீருமா?

பதில்: இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சை ஒதுக்கி வையுங்கள். அளந்து எழுதினீர்களே, அந்தக் கணக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட அதிகம் பேசுகிறது. அதைக் கூட்டிப் பார்ப்போம்.

இரவுச் சிறுநீர் என்று எடுத்துக்கொள்வது படுத்த பிறகு ஊறியதை. அதனால் படுக்குமுன் போன 150 பகல் கணக்கில் சேரும். காலை 6 மணிக்குப் போன 150 இரவுக் கணக்கில் சேரும், ஏனென்றால் அது நீங்கள் தூங்கும்போது சேர்ந்தது. பலரும் இந்த இடத்தில்தான் தப்பாகக் கூட்டுவார்கள். இப்படிப் பிரித்தால் பகலுக்கு 900 மி.லி., இரவுக்கு 1,230 மி.லி., மொத்தம் 2,130. உங்கள் வயதில் ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இரவில் வந்தாலே அதிகம் என்று கொள்வோம். உங்களுக்கு வருவது 58 சதவீதம். மணிக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். விழித்திருந்த பதினாறரை மணி நேரத்தில் மணிக்கு சுமார் 55 மி.லி. ஊறியிருக்கிறது. படுத்திருந்த ஏழரை மணி நேரத்தில் மணிக்கு சுமார் 164 மி.லி. சாதாரணமாக உடம்பு இரவில் சிறுநீரைக் குறைக்கும். உங்களுக்கு மூன்று மடங்காகக் கூடுகிறது.

அடுத்து, ஒரே தடவையில் நீங்கள் அதிகபட்சம் போனது 320 மி.லி. உங்கள் சிறுநீர்ப்பை அவ்வளவு பிடிக்கிறது என்று அர்த்தம். இந்த வயதுக்கு அது நல்ல அளவுதான். 1,230-ஐ 320-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நான்கு. அதாவது ஒவ்வொரு தடவையும் பை முழுக்க நிறைந்த பிறகே எழுந்தாலும் நான்கு தடவை போயாக வேண்டும். அதில் கடைசித் தடவை காலையில் எழும்போது கழிந்துவிடும், மீதி மூன்று நடு இரவில்தான். நீங்கள் எழுவது நான்கு தடவை. ஆக, சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும் காரணமாக இருக்கக்கூடியது ஒரே ஒரு தடவைக்கு. மற்ற மூன்றுக்கும் காரணம் ஊறுகிற சிறுநீரின் அளவு.

டாம்சுலோசின் ஐந்தை நாலாக்கியதோடு நின்றுவிட்டது ஏன் என்பதற்கும் இதுவே பதில். அந்த மாத்திரை புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தி வழிவிடும். சிறுநீரகம் எவ்வளவு சிறுநீர் தயாரிக்க வேண்டும் என்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. ஆபரேஷனுக்கும் அதே வரம்பு உண்டு. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு முக்கல், சொட்டல், மெல்லிய தாரை எல்லாம் நன்றாகக் குறையும். இரவில் எழுவதுதான் மற்றவற்றைவிடக் குறைவாகக் குறைகிற தொந்தரவு. ஆபரேஷன் முடிந்தும் மூன்று முறை எழுந்து ஏமாந்துபோகிறவர்களில் பலர் அதற்கு முன்பு ஒரு நாள்கூட அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். போன பிறகு தங்கும் 35 மி.லி. கவலைப்படும் அளவும் அல்ல.

அப்படியானால் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆறு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுகிறீர்கள். இரவில் குடித்த தண்ணீராக அது இருக்க முடியாது. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், சாயங்காலம் செருப்பு இறுகுகிறது என்று. நான் அங்கேதான் தேடுவேன்.

காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் காலின் சிரைகளில் ரத்தம் தேங்கி அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் நீரும் உப்பும் நுண்குழாய்களிலிருந்து கசிந்து தோலுக்கடியில் சேரும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தள்ளல் கிடைப்பதில்லை. இப்படிச் சேர்ந்த நீர் ரத்தக்குழாய்க்கு வெளியே இருப்பதால் பகலில் சிறுநீரகத்துக்கு அது கணக்கிலேயே வராது. பகலில் உங்களுக்கு மணிக்கு 55 மி.லி. மட்டும் ஊறியதற்கு அது ஒரு காரணம். இரவு 10.30-க்குப் படுத்ததும் காலும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. காலில் நின்ற நீர் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதய அறைகள் கொஞ்சம் விரிகின்றன. அங்கிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன், உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. உங்கள் கணக்கில் முதல் இரண்டு தடவைகள் பெரிதாக, 300-ம் 320-ம் என்று இருக்கின்றன, விடிய விடிய 200, 150 என்று குறைகிறது. காலிலிருந்து வடிகிற நீருக்குப் பொருந்துகிற ஓட்டம் இது.

இதற்கு மேல் ஆம்லோடிபின் வேறு. அது மிக நல்ல பிரஷர் மாத்திரை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிறு தமனிகளை விரிக்கிற அளவுக்குச் சிரைகளை விரிக்காது. உள்ளே வரும் வழி அகலமாகி, வெளியே போகும் வழி அப்படியே இருந்தால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறிக் கணுக்காலில் நீர் கசியும். 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது அதிகம் தெரியும். இந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவது அல்ல, நீர் இடம் மாறியதால் வருவது. அதனால்தான் நீர் மாத்திரை கொடுத்தாலும் இந்த வகை வீக்கம் அவ்வளவாக மசியாது. மாத்திரையின் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோதான் வடியும்.

முதலில் வீக்கம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரவு எட்டு மணி வாக்கில், கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, முன்பக்க எலும்பின் மேல் கட்டை விரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் இருக்கிறது. மறுநாள் காலை எழுந்ததும் அதே இடத்தில் அழுத்துங்கள். இரவில் குழி விழுந்து காலையில் விழாமல் இருந்தால், அந்த நீர் இரவோடு இரவாக எங்கே போனது என்று தெரிந்துவிடும். இரண்டு காலிலும் பாருங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வலியோடு வீங்கியிருந்தால் விஷயமே வேறு. சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கால் வீக்கம் என்றதும் உட்கார்ந்த வேலையின் மேலும் மாத்திரையின் மேலும் மட்டும் பழியைப் போட்டு விட்டுவிடக் கூடாது. இதயம் பலவீனமாகும்போதும், சிறுநீரில் புரதம் ஒழுகும்போதும், கல்லீரல் கெடும்போதும் காலில் நீர் கட்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கி இரண்டு மூன்று தலையணை தேவைப்படுகிறதா, நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, மாடி ஏறினால் முன்பு இல்லாத இளைப்பு வருகிறதா, காலையில் முகமும் கண்ணிமையும் வீங்குகின்றனவா, சிறுநீர் விடாமல் நுரைக்கிறதா என்று யோசியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே சொல்லப்போகும் வீட்டு முறைகளைத் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் அல்புமின், ஈசிஜி ஆகிய நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எக்கோ தேவையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. நோக்கம் எளிது. காலில் சேர்ந்த நீர் நீங்கள் தூங்கிய பிறகு திரும்புவதற்குப் பதிலாக, விழித்திருக்கும்போதே திரும்பி வெளியேறிவிட வேண்டும்.

மதியம் கடை சாத்தும் நேரமோ, சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவரக்கூடிய நேரமோ ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்திலிருந்து ஆறு வரை கிடைத்தால் மிக நல்லது. மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு தலையணையோ மடித்த மெத்தையோ வைத்து, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஸ்டூலில் காலை நீட்டுவது பெரும்பாலோர் செய்வது. அதில் பலன் குறைவு, ஏனென்றால் கால் அப்போதும் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது. முழங்காலை மட்டும் உயர்த்திப் பாதத்தைத் தொங்கவிடுவதும் அப்படித்தான். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். எழுந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீர் வந்தால் முறை வேலை செய்கிறது என்று அறிந்துகொள்ளலாம். ஒன்பது மணிக்குமேல் செய்தால் அந்தச் சிறுநீர் நேராகத் தூக்கத்துக்குள் வந்துவிடும். இன்னொன்று, படுத்த சாக்கில் ஒரு மணி நேரம் தூங்கிவிடாதீர்கள். பகலில் நீளமாகத் தூங்கினால் இரவுத் தூக்கம் மெலிதாகிவிடும். மெலிதாகத் தூங்குகிறவரை 150 மி.லி.கூட எழுப்பிவிடும்.

கல்லாவில் இருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவதும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக முப்பது தடவை செய்யுங்கள். வாடிக்கையாளருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க நீங்களே எழுந்து நடப்பதும் நல்லதுதான். சாயங்காலம் அரை மணி நேர நடை கெண்டைக்காலைப் பிழிந்து நீரை மேலேற்றும்.

இவற்றால் மட்டும் போதவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்த ஸ்டாக்கிங்ஸ் உதவும். 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளதில் தொடங்கலாம். காலையில் கால் வீங்குமுன், எழுந்தவுடனேயே போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் ஏறவும் ஏறாது, பலனும் பாதிதான். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவைக் காலையில் அளந்து வாங்குங்கள். மேல் விளிம்பு சுருண்டு இறுக்கினால் அது சுருக்குக் கயிறு மாதிரி ஆகி, கீழே இன்னும் நீர் சேரும். சாயங்காலம் கழற்றிவிட்டுக் காலை உயர்த்திப் படுப்பது நல்ல ஜோடி. ஆனால் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து வலிக்கிறவர்கள், பாதம் சில்லிட்டு இருப்பவர்கள், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், சர்க்கரையால் காலில் உணர்ச்சி மரத்தவர்கள் காலின் நாடித் துடிப்பைக் காட்டாமல் இதை வாங்கிப் போடக் கூடாது. கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொள்வது இதற்கு மாற்று ஆகாது. ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தளரும்.

மாத்திரை விஷயத்தில் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பிரஷர் பார்க்கிற மருத்துவரிடம் இந்த அளவுத் தாளைக் காட்டி, "ஆம்லோடிபினால் கால் வீங்குகிறதா, மாற்ற முடியுமா" என்று நேராகக் கேளுங்கள். அவருக்குப் பல வழிகள் உண்டு. 5 மில்லிகிராமாகக் குறைத்து டெல்மிசார்டான் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம், அந்தச் சேர்க்கையில் வீக்கமும் குறையும். அதே குடும்பத்தில் வீக்கம் குறைவாகத் தரும் சில்னிடிபினுக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு ஒரு வாரம் பத்து நாளுக்கு வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் என்று இரண்டாவது பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை நீர் பிரிக்கும் மருந்துகள். இரவில் போட்டுக்கொண்டிருந்தால் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். சிலருக்கு மருத்துவர் வேண்டுமென்றே, படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பாக, பிற்பகலில் ஃபுரோசமைடு கொடுப்பதுண்டு. இரவில் வரவேண்டிய நீரைச் சாயங்காலமே வெளியேற்றிவிடுகிற உத்தி அது. சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்காமல் அதைத் தொடங்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருடைய மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கிற வேலையும் கூடாது.

தண்ணீரைப் பற்றி. ஆறு மணிக்கே நிறுத்தியும் பலன் இல்லாததன் காரணம் இப்போது புரிந்திருக்கும். இரவில் வருவது காலையும் மதியமும் குடித்து, காலில் போய் நின்ற தண்ணீர். தஞ்சாவூர் வெயிலில் நாலைந்து மணி நேரம் வாய் வறளக் காத்திருப்பதால் மலச்சிக்கலும் கல்லும்தான் வரும். மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை அழுத்தி அதன் பங்குக்குத் தொல்லை தரும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிலிருந்து, மாத்திரைக்கான தண்ணீரையும் சேர்த்து, ஒரு டம்ளருக்குள் வைத்துக்கொண்டால் போதும். அதற்கு முன்பு வழக்கம்போல் குடியுங்கள். ஒரு நாள் சிறுநீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இருக்கட்டும். தண்ணீரை நிறுத்திவிட்டேன் என்பவர்கள் இரவுச் சாப்பாட்டில் ரசம், மோர், கஞ்சி, படுக்குமுன் பால் என்று அரை லிட்டரை உள்ளே தள்ளுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதையும் ஒருமுறை பாருங்கள். காப்பி, டீயை நாலு மணியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், தண்ணீரைவிட உப்பில்தான் கை வைக்க வேண்டும். உள்ளே போன உப்பு அது கரைந்திருக்கத் தேவையான நீரையும் பிடித்து வைக்கும். பகலில் சிறுநீரகம் வெளியேற்றி முடிக்காத உப்பை இரவில் நீரோடு சேர்த்து வெளியேற்றும். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாள் உப்பைச் சராசரியாக 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. குறைத்தது அரைத் தேக்கரண்டி உப்புதான் என்பதைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம் வீடுகளில் சமையலில் போடும் உப்பைவிட, பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் கணக்கைக் கெடுக்கும். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர், தயிர் சாதத்துக்கு மேலே தூவும் உப்பு. முதல் மாதம் எல்லாவற்றையும் நிறுத்த முயன்று முடியாமல் விட்டுவிடுவதைவிட, மாலை நாலு மணிக்குப் பிறகு இவை எதுவும் இலையில் வரக்கூடாது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பு கடையில் கிடைக்கிறது. டெல்மிசார்டான் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகத்தின் வேலை குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும்.

வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று பிறகு திடுக்கென்று இழுக்கிறீர்களா? தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கும்போது நெஞ்சுக்குள் உறிஞ்சு விசை கூடி இதய அறை இழுபட்டு விரியும். நான் முன்பு சொன்ன அதே ஹார்மோன் சுரந்து சிறுநீர் பெருகும். அந்த நோயாளிகள் தங்களை எழுப்பியது சிறுநீர் என்றே நினைத்திருப்பார்கள். காலையில் தலைவலி, பகலில் கல்லாவிலேயே கண் அயர்வது இவையும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். தொண்டை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் காற்றழுத்தக் கருவியோடு தூங்கத் தொடங்கினால் இரவுச் சிறுநீரும் குறையும்.

ஒரு நாள் அளவை வைத்து இவ்வளவு பேசியிருக்கிறேன். உறுதிப்படுத்த மூன்று நாள் அளவு வேண்டும். 500 மி.லி. வரை கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை இதற்கென்றே கழிப்பறையில் வையுங்கள். கல்யாணம், ஊர்ப்பயணம் இல்லாத சாதாரண நாட்களாகப் பாருங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்தவை, ஒவ்வொரு தடவையின் அளவு எல்லாவற்றையும் அப்போதைக்கப்போதே எழுதுங்கள். தூக்கக் கலக்கத்தில் விட்டுப்போனால் "விட்டுவிட்டது" என்று எழுதுங்கள், உத்தேசமாக ஒரு எண்ணைப் போடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், இதே தாளைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் உங்கள் தாள் இவருடையதைப் போலவே வரும் என்று நினைக்க வேண்டாம். பகலிலும் இரவிலும் 80, 100, 120 என்று சிறிது சிறிதாகவே வந்து, அடக்க முடியாத அவசரமும் இருந்தால் சிக்கல் சிறுநீர்ப்பையிலோ புராஸ்டேட்டிலோ இருக்கலாம். கிருமி, கல், பை நிறையுமுன்பே சுருங்குவது, முழுக்கக் காலியாகாமை என்று தேட வேண்டும், அங்கே டாம்சுலோசின் போன்றவற்றுக்கு வேலை உண்டு. பகல் இரவு இரண்டிலும் குடம் குடமாக வந்து, மொத்தம் உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.லி.க்கு மேல் போனால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 2,400 மி.லி.க்கு மேல் என்றால், சர்க்கரையை முதலில் பாருங்கள். சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே சிறுநீரைக் கூட்டும். அளவெல்லாம் சரியாக இருந்து, விழித்த பிறகுதான் "போய்விட்டு வரலாம்" என்று தோன்றுகிறவர்களுக்கு வைத்தியம் தூக்கத்துக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காலை உயர்த்துவது, உப்பு, மாத்திரை மாற்றம் மூன்றையும் நான்கு வாரம் செய்துவிட்டு மறுபடி மூன்று நாள் அளங்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து பத்தரை வரை வருவது கூடி, இரவுக் கணக்கு 700 மி.லி. பக்கம் இறங்கியிருந்தால், 320 பிடிக்கும் பைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை எழுந்தால் போதும். வயதானால் இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் கொஞ்சம் மந்தமாகும். அதனால் ஒரு தடவைகூட எழக்கூடாது என்று எதிர்பார்க்க வேண்டாம். கணுக்காலில் குழி விழுவது நின்ற பிறகும் இரவு அளவு ஆயிரத்துக்கு மேலேயே இருந்தால் காரணம் காலில் இல்லை. அப்போது இதயமும் தூக்கமும் மறுபடி பார்க்கப்பட வேண்டும்.

அந்த நிலையில் யாராவது டெஸ்மோபிரெசின் என்ற மாத்திரையைச் சொல்லக்கூடும். இரவுச் சிறுநீரை அது உண்மையிலேயே குறைக்கும். ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகும். காலில் நீர் இருப்பவர்களுக்கும் இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. சோடியம் பார்த்துத் தொடங்கி, முதல் வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபடி பார்க்கிற மருத்துவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

டாம்சுலோசினை இப்போது நிறுத்த வேண்டாம். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். அதுவும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து, எழுந்தவுடன் தலை சுற்ற வைக்கும். இரவில் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை நாலு தடவை அசைத்துவிட்டுப் பிறகு எழுந்திருங்கள். கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். சிறுநீரில் ரத்தம், குளிர்க்காய்ச்சல், முட்டிக்கொண்டு நின்றும் வராமல் போவது, தூக்கத்தில் தன்னையறியாமல் படுக்கை நனைவது, இவற்றில் எது வந்தாலும் நான்கு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே சிறுநீரியல் மருத்துவரிடம் போங்கள்.